அறுபத்தேழு வயதில் முதல் பதிகம்

அம்மா, வணக்கம். எனக்கு வயது 67. பெங்களூரு ஜீவன்பீமா நகரில் இருக்கிறோம். பொதுத்துறைத் தொழிற்சாலை ஒன்றில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் 34 வருஷம் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவன். சாமி கும்பிடுவேனே தவிர, அதற்கு மேல் எதையும் யோசித்ததில்லை. போன வருஷம் அண்ணன் தவறிய பிறகுதான் ஏதோ தேட வேண்டும் என்று தோன்றியது. ஒரு தியான முகாமுக்குப் போனேன். பக்கத்தில் ஒரு சின்னப் பையன் ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தான். எனக்குப் பத்து நிமிஷத்தில் முட்டி போய்விட்டது. ஒரு தேவார வகுப்புக்குப் போனால் எல்லோரும் புத்தகம் பார்க்காமல் பாடுகிறார்கள். நான் கன்னட மீடியத்தில் படித்தவன், தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். வீட்டில் மனைவியே நாற்பது வருஷமாக விளக்கேற்றி ‘மாசில் வீணையும்’ பாடுகிறாள். நான் அப்போது பேப்பர் படித்துக்கொண்டிருப்பேன். எல்லோரும் எங்கேயோ போய்விட்டார்கள். நான் எங்கிருந்து ஆரம்பிப்பது?

— வாசகர், பெங்களூரு

ஐயா, வணக்கம்.

இன்று சாயங்காலம் விளக்கேற்றியதும் உங்கள் வீட்டம்மாவிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள். “மாசில் வீணையும் பதிகத்தில் மூன்றாவது பாட்டு எது?” என்று. சோதிக்கிற மாதிரி கேட்காதீர்கள், தெரியாமல் கேட்கிற மாதிரியே கேளுங்கள்.

நான் இந்த ஊரில் இருபது வருஷத்துக்கு மேலாகத் திருமுறை வகுப்பு எடுக்கிறேன். சின்ன வயதிலிருந்து இந்தப் பதிகம் பாடுகிறோம் என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களில் பெரும்பாலானவர்களுக்குத் தெரிவது இரண்டு பாட்டுத்தான். ‘மாசில் வீணையும்’ ஒன்று, ‘நமச்சிவாயவே ஞானமும் கல்வியும்’ இன்னொன்று. அதோடு கற்பூரம் காட்டி முடித்துவிடுவார்கள். பதிகத்தில் இருப்பதோ பத்துப் பாட்டு. உங்கள் வீட்டம்மா பத்தும் அறிந்தவராக இருந்தால் உங்களுக்கு வீட்டிலேயே ஆசிரியர் கிடைத்தாயிற்று. இல்லையென்றால், மூன்றாவது பாட்டிலிருந்து நீங்கள் இருவரும் ஒரே வகுப்பு. இரண்டில் எது நடந்தாலும் உங்களுக்கு நல்லதுதான்.

அதனால் உங்களுக்கு நான் சொல்லும் வேலை இது ஒன்றே. இந்த ஒரே பதிகம், பத்துப் பாட்டு, வாரத்துக்கு ஒன்று. பத்து வாரத்துக்கு வேறு எதையும் தொட வேண்டாம். இந்தப் பதிகத்தை நான் சொல்வதற்கு, உங்கள் வீட்டில் ஏற்கெனவே ஒலிக்கிறது என்பதைத் தவிர இன்னும் இரண்டு காரணங்கள் இருக்கின்றன. ஒன்று, இது படிக்கச் சுலபம். மற்றொன்று, நீங்கள் கடிதத்தில் எழுதியிருக்கும் அதே வேதனை இதற்குள்ளேயே ஓரிடத்தில் வருகிறது. அந்த இடம் வரும்போது சொல்கிறேன்.

முதலில் படிக்கிற விஷயம். அப்பர் பாடிய ஐந்தாம் திருமுறையில் இது 90ஆவது பதிகம். குறுந்தொகை என்பார்கள், அடிகள் குட்டையாக இருக்கும். பத்துப் பாட்டுக்கும் சேர்த்து நாற்பதே வரி. நிதானமாகப் படித்தாலே ஐந்து நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். புத்தகம் வாங்கும்போது மட்டும் ‘சீர் பிரித்தது’ வேண்டாம், ‘பதம் பிரித்தது’ வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். சீர் பிரித்த பதிப்பில் ஓசைக்காகச் சொல்லை நடுவில் வெட்டியிருப்பார்கள். ‘வீங்கிள வேனிலும்’ என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து ‘வீங்கிள’ என்றால் என்ன என்று ஒரு மணி நேரம் யோசித்தவர்கள் என் வகுப்பில் உண்டு. பதம் பிரித்தால் அது ‘வீங்கு இளவேனில்’. முற்றி வரும் வசந்தம், அவ்வளவுதான். முதல் பாட்டை அப்படிப் பிரித்து எழுதினால் இப்படி இருக்கும்:

மாசு இல் வீணையும் மாலை மதியமும்
வீசு தென்றலும் வீங்கு இளவேனிலும்
மூசு வண்டு அறை பொய்கையும் போன்றதே
ஈசன் எந்தை இணையடி நீழலே

ஒவ்வொரு வரியிலும் இரண்டாவது எழுத்தைப் பாருங்கள். மாசு, வீசு, மூசு, ஈச. இதைத்தான் எதுகை என்கிறோம். நீங்கள் கன்னடம் படித்தவர் என்பதால் இது உங்களுக்குப் புதிதல்ல. பழைய கன்னடக் காவியங்களிலும் இரண்டாம் எழுத்தில்தான் பிராசம் வரும், பள்ளியில் ‘ஆதிபிராச’ என்று சொல்லிக்கொடுத்திருப்பார்கள். மனப்பாடத்துக்கு இதுதான் கொக்கி. முழுப் பாட்டையும் நினைவில் வைக்க முயலாதீர்கள். ஒரு துண்டுக் காகிதத்தில் நான்கு வரிகளின் முதல் சொல்லை மட்டும் எழுதிப் பாக்கெட்டில் வையுங்கள். முதல் சொல் வந்துவிட்டால் மீதி வரி தானாகப் பின்னால் வரும்.

எழுத்துக் கூட்டிப் படிப்பது சங்கடமாக இருந்தால் முதல் வாரம் பாட்டைக் கன்னட எழுத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, அல்சூரில் என் மாணவர்களில் பாதிப் பேர் அப்படித்தான் ஆரம்பித்தார்கள். ஒரே ஒரு எச்சரிக்கை. இன்றைய கன்னடத்தில் ‘ழ’வும் ‘ற’வும் கிடையாது. பழங்கன்னடத்தில் இருந்தன, பின்னால் வழக்கொழிந்து போயின. அதனால் ‘நீழலே’ என்பது ‘நீளலே’ ஆகிவிடும், ‘வண்டு அறை’ ‘வண்டு அரை’ ஆகிவிடும். அந்த இரண்டு எழுத்துகளை மட்டும் தமிழிலேயே எழுதிச் சிவப்பு மையில் சுழித்து வையுங்கள். இரண்டாவது வாரம் தமிழ்ப் பிரதிக்கு மாறிவிடுங்கள். கன்னடப் பிரதி ஒரு மாதம் கையில் இருந்தால் அப்புறம் அதை விட மனம் வராது.

தினமும் செய்ய வேண்டியது இவ்வளவுதான். காலையில் நாற்காலியில் உட்கார்ந்து, அந்த வாரத்துப் பாட்டை வாய்விட்டு மூன்று முறை பார்த்துப் படியுங்கள், பிறகு ஒரு முறை பார்க்காமல். ராத்திரி படுக்கப்போகும் முன் ஒரு முறை. ராத்திரி சொன்னது காலையில் கொஞ்சம் நன்றாகவே நிற்கும், செய்து பார்த்தால் தெரியும். மறந்துபோன பழைய பாட்டுக்காகப் பின்னால் போய் நிற்காதீர்கள். வாரக் கடைசியில் எல்லாவற்றையும் ஒரு தடவை பார்த்துப் படித்தால் போதும். மனதுக்குள் படிப்பது மட்டும் வேண்டாம். நம் வயதில் கண் ஓடிவிடும், ஒன்றும் தங்காது. உதடும் நாக்கும் அசைய வேண்டும்.

நாற்காலி என்று சொன்னேன் அல்லவா, அதை ஒரு சலுகை என்று நினைக்க வேண்டாம். தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தால்தான் பக்தி என்று எந்தத் திருமுறையிலும் இல்லை. முகாமில் யாராவது மூச்சை இழுத்து நிறுத்தும் பயிற்சி சொல்லிக்கொடுத்திருந்தால், பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் அதை டாக்டரைக் கேட்காமல் செய்யாதீர்கள். சுகர் மாத்திரை போட்டுக்கொண்டு விரதம் என்று சாப்பாட்டைத் தள்ளிப்போடுவதும் அப்படித்தான். பிரதோஷத்தன்று கோவில் வரிசையில் மயங்கி விழுந்தவரை நானே பிடித்து உட்கார வைத்திருக்கிறேன்.

சரி, பதிகத்துக்குள் போவோம். இது சுகமாகத்தான் ஆரம்பிக்கிறது. வீணை, நிலா, தென்றல், வசந்தம், வண்டு சுற்றும் குளம், ஈசனின் திருவடி நிழல் இவற்றைப் போல இருக்கிறதாம். சுண்ணாம்புக் காளவாயில் அடைத்து வைத்தபோது அப்பர் இதைப் பாடினார் என்பது வரலாறு. அது தெரிந்த பிறகு தென்றல் என்ற சொல்லைச் சும்மா சொல்லிவிட்டுப் போக முடியாது. இரண்டாவது பாட்டும் இதமானது. அதனால்தான் எல்லோரும் இந்த இரண்டோடு நிற்கிறார்கள்.

மூன்றிலிருந்து ஐந்து வரை திட்டுகிறார். நல்ல திட்டு. காதில் ஏறாதவர்களைப் பார்த்து ‘தோளாத சுரையோ தொழும்பர் செவி’ என்கிறார். தோளாத என்றால் துளைக்காத. துளை போடாத சுரைக்காயா உங்கள் காது என்று கேட்கிறார். அடுத்த வரி, ‘வாளா மாய்ந்து மண்ணாகிக் கழிவரே’. வீணாகச் செத்து மண்ணாகிப் போவார்கள். நான்காவதில் சுடுகாடு வருகிறது. ஐந்தாவதில், உடம்புக்கு இரை தேடியே அலைந்து கடைசியில் காக்கைக்கு இரையாகிப் போகிறவர்கள் வருகிறார்கள்.

வயதானவர்கள் நின்றுவிடுவது இங்கேதான். நான்கு வருஷத்துக்கு முன் ஒருவர் வந்தார். டெலிபோன் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அப்போது 71 வயது. முதலில் அவர் சிவபுராணம் முழுதையும் ஒரே மாதத்தில் மனப்பாடம் செய்வேன் என்று 95 அடியையும் ஒரே மூச்சில் எடுத்தார். ஒரு நாளைக்கு நாலு வரி என்று கணக்குப் போட்டு டைரியில் எழுதினார். பத்தொன்பதாம் நாள் டைரி வெறுமையாக இருந்தது. வகுப்புக்கு வருவதையும் நிறுத்திவிட்டார். மூன்று மாதம் கழித்து மார்க்கெட்டில் பார்த்தபோது இந்தப் பதிகத்தைக் கையில் எழுதிக் கொடுத்தேன். இரண்டு வாரம் சந்தோஷமாகப் பாடினார். மூன்றாவது வாரம் காகிதத்தைத் திருப்பிக் கொண்டுவந்து, “அம்மா, இது என்னையே சொல்கிற மாதிரி இருக்கிறது, எனக்கு இது வேண்டாம்” என்றார்.

நான் அவரிடம் சொன்னது, வேண்டாம் என்றால் அந்த மூன்று பாட்டையும் தாண்டி ஆறாவது, ஏழாவதுக்குப் போங்கள் என்று. பாட்டைத் தாண்டச் சொல்வது எங்கள் மரபில் வழக்கமல்ல, எனக்குச் சொல்லிக்கொடுத்த ஓதுவார் கேட்டிருந்தால் கோபித்துக்கொண்டிருப்பார். ஆனால் ஏழாவது பாட்டைப் படித்தவர்களுக்குத்தான் முன்னால் இருக்கும் திட்டு யாருக்கு என்று புரியும்:

வாழ்த்த வாயும் நினைக்க மட நெஞ்சும்
தாழ்த்தச் சென்னியும் தந்த தலைவனைச்
சூழ்த்த மா மலர் தூவித் துதியாதே
வீழ்த்தவா வினையேன் நெடுங்காலமே

வாழ்த்த வாய் கொடுத்தான், நினைக்க நெஞ்சு கொடுத்தான், வணங்கத் தலை கொடுத்தான். அவனுக்குப் பூத் தூவாமல் இத்தனை நெடுங்காலத்தை வீணாக்கினேனே என்கிறார். ‘வினையேன்’ என்று தன்னைத்தான் சொல்கிறார். உங்கள் கடிதத்தின் கடைசி இரண்டு வரிகளும் இதுவும் ஒன்றுதான்.

இது அப்பர் அலங்காரத்துக்குச் சொன்னது இல்லை. அவர் இளமையிலேயே சமண சமயத்துக்குப் போய், அங்கே தருமசேனர் என்ற பெயரில் பெரிய நிலையில் இருந்தவர். சூலை நோய் வந்து தாங்க முடியாமல்தான் திருவதிகைக்குத் திரும்பி வந்தார். அங்கே அக்கா திலகவதியார் ஏற்கெனவே பல வருஷமாகத் தினமும் கோவிலைக் கூட்டி மெழுகிக்கொண்டிருந்தார். வந்த தம்பிக்குத் திருநீறு கொடுத்து, விடியற்காலை தான் வேலைக்குப் போகும்போதே கூட்டிக்கொண்டு போனார் என்கிறார் சேக்கிழார். “இத்தனை நாள் எங்கே போனாய்” என்ற விசாரணை அங்கே இல்லை. அக்கா எந்த வேலையில் இருந்தாரோ அதிலேயே தம்பியும் சேர்ந்துகொண்டார். கையில் உழவாரம் எடுத்துக் கோவில் முற்றத்தில் புல் செதுக்கினார். 81 வயது வரை வாழ்ந்தார் என்பது மரபு, கடைசி வரை அந்த உழவாரம் கையில்தான் இருந்தது. சரியை, கிரியை, யோகம், ஞானம் என்று நான்கு படி சொல்வார்களே, அதில் கோவில் கூட்டுவது முதல் படி. அப்பர் முதல் வகுப்பிலேயே தங்கிவிட்டார் என்று இன்றுவரை யாரும் சொன்னதில்லை. உங்கள் தொழிற்சாலையில் இருந்த சீனியாரிட்டி லிஸ்ட் இங்கே செல்லாது.

உங்கள் வீட்டுத் திலகவதியார் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் கவனமாகச் சொல்கிறேன். புதிதாக ஆரம்பித்த கணவர்கள் ஒரு மாதத்தில் செய்யும் தப்பு, மனைவியின் உச்சரிப்பைத் திருத்துவது. “நீ இத்தனை வருஷமா தப்பாப் பாடிட்டிருக்கே” என்று ஒரு வார்த்தை போதும், நாற்பது வருஷப் பாட்டு நின்றுவிடும். இரண்டு வீடுகளில் அது நின்றதை எனக்குத் தெரியும். அவர் ‘நீளலே’ என்று பாடினால் பாடட்டும். நீங்கள் ‘நீழலே’ என்று பக்கத்தில் பாடிக்கொண்டிருங்கள். காலை நாலு மணிக்கு எழுந்து சத்தமாகப் பாடி வீட்டையே எழுப்புவதும் வேண்டாம். அவர் விளக்கேற்றும் நேரத்துக்கு நீங்கள் போய் உட்காருங்கள், உங்கள் நேரத்துக்கு அவரை இழுக்காதீர்கள்.

எட்டாவது பாட்டுக்கு வரும்போது ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகியிருக்கும். அதற்குள் மனம் அலைபாயும். உட்கார்ந்ததும் பழைய டிபார்ட்மென்ட், ரிஜெக்ட் ஆன ஒரு லாட், கூட வேலை பார்த்தவர் சொன்ன ஒரு சொல், எல்லாம் வரும். தியானம் கைவரவில்லை, பின்தங்கிவிட்டோம் என்று நினைப்பீர்கள். அப்பர் அதையும் பாடியிருக்கிறார். ‘உழுத சால்வழியே உழுவான் பொருட்டு’ என்று ஒரு வரி. சால் என்றால் ஏர் உழுத தடம். ஏற்கெனவே உழுத தடத்திலேயே திரும்பத் திரும்ப உழப் போகிறதே இந்த அசட்டு நெஞ்சு என்று புலம்புகிறார். 34 வருஷம் உழுத சால் பத்து வாரத்தில் மூடாது. பாட்டை நடுவில் நிறுத்தி மனதோடு மல்லுக்கட்ட வேண்டாம். எந்தச் சொல்லில் விட்டீர்களோ அந்தச் சொல்லிலிருந்து தொடருங்கள், அவ்வளவுதான்.

பத்தாவது பாட்டு இந்தப் பதிகத்தின் செய்முறை. விறகில் தீ போல, பாலில் நெய் போல மறைந்து நிற்கிறான். உறவு என்னும் கோலை நட்டு, உணர்வு என்னும் கயிற்றால் இறுக்கிக் கடைந்தால் முன்னால் வந்து நிற்பான் என்கிறார். ‘முறுக வாங்கிக் கடைய’ என்பது அவர் சொல். மத்துக் கயிற்றை இழுத்தவர்களுக்குத் தெரியும், தளர்வாக இழுத்தால் மத்து நழுவும், மோரில் வெண்ணெய் திரளாது. கடையும் பாத்திரத்தை ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை மாற்றினாலும் திரளாது. ஐந்து யூடியூப் சேனல், மூன்று வாட்ஸ்அப் குழு, இரண்டு குருமார்கள் என்று சேர்த்துக்கொள்கிறவர்களுக்கு நான் இந்தப் பாட்டைத்தான் காட்டுவேன். பத்து வாரம் முடியும்வரை புதிய முகாம், புதிய வகுப்பு எதற்கும் பணம் கட்டாதீர்கள். பணம் கட்டினால்தான் அடுத்த நிலை என்று சொல்லும் இடம் என்றால், பத்து வாரத்துக்குப் பிறகும் கட்டாதீர்கள்.

தீட்சை வாங்காமல் பாடலாமா என்று அடுத்து யாராவது உங்களைக் கேட்பார்கள். வீட்டில் முறைப்படி சிவபூஜை எடுத்துக்கொள்வதற்குத்தான் தீட்சை. தேவாரம் பாட அது தேவையில்லை.

நீங்கள் போன வகுப்பு கெட்டது என்று சொல்ல மாட்டேன், உங்களுக்கு அது இடம் தவறிய வகுப்பு. எல்லோரும் சேர்ந்து ஒரே மூச்சில் பாடும் இடத்தில் புதியவர் வாயசைத்துக்கொண்டுதான் இருக்க முடியும். ஒருவர் ஒரு வரி சொல்ல, மற்றவர்கள் திருப்பிச் சொல்லும் இடமாகத் தேடுங்கள். உட்காருவதற்கு முன் நடத்துகிறவரிடம் நேராகவே கேட்டுவிடலாம், “வரி வரியாகச் சொல்லிக்கொடுப்பீர்களா?” என்று. அது கிடைக்கும்வரை ஞாயிற்றுக்கிழமை காலையில் அல்சூர் சோமேஸ்வரர் கோவிலுக்குப் போய், பிராகாரத்தில் ஒரு தூண் ஓரமாக நின்று, அந்த வாரத்துப் பாட்டைக் காகிதம் பார்த்து ஒரு தடவை சொல்லிவிட்டு வாருங்கள். கன்னடம், தெலுங்கு, தமிழ் எல்லாம் கலந்து ஒலிக்கும் இடம் அது. யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

டெலிபோன் இலாகா ஐயாவுக்குப் பத்து வாரம் போதவில்லை, பத்துப் பாட்டுக்கு ஐந்து மாதம் ஆனது. விட்டுவிட்ட மூன்று பாட்டையும் கடைசியாக அவராகவே திரும்ப வந்து படித்தார். இப்போதும் ஒன்பதாவதில் ‘பொக்கம் மிக்கவர்’ என்ற இடத்தில் நின்றுவிடுவார். சட்டைப் பையிலிருந்து காகிதத்தை எடுத்துப் பார்ப்பார், மடித்து உள்ளே வைத்துக்கொண்டு மேலே பாடுவார். அந்தக் காகிதம் மடிப்பில் கிழிந்து, பின்னால் செல்லோடேப் ஒட்டியிருக்கிறது. உங்கள் காகிதத்தைக் கொஞ்சம் தடித்த தாளில், பெரிய எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள். மூன்றாவது பாட்டு பற்றி வீட்டம்மா என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.